கலியாண அல்பத்தில் யார் படம் சேர்க்கலாம், யார் இறக்கிக்கொள்ளலாம்?

கேள்வி: "தங்கச்சிக்கு வாற ஆவணியில நல்லூரில கலியாணம். கனடா, பிரான்ஸில இருந்து வாற சொந்தக்காரரும் இஞ்ச உள்ளாக்களும் எடுக்கிற படங்கள் எல்லாத்தையும் ஒரே அல்பத்தில போடவேணும். ஆனா வீட்டாக்கள் மட்டுந்தான் டவுன்லோட் பண்ணவேணும். ஆர் போடலாம், ஆர் எடுக்கலாம் எண்டு தனித்தனியா வைக்கேலுமோ?"

படம் சேர்ப்பதை நீங்கள் தடுக்கலாம். பார்ப்பதையும் ஓரளவுக்குத் தடுக்கலாம். ஆனால் பார்க்க அனுமதித்த ஒருவர் அந்தப் படத்தை இறக்கிக்கொள்வதை மட்டும் தனியாகத் தடுக்கும் வசதி, பெரும்பாலானோர் பயன்படுத்தும் கூகுள் போட்டோஸிலும் இல்லை, ஐபோனில் உள்ள பகிரப்பட்ட அல்பத்திலும் இல்லை. ஆகவே ஒரே அல்பத்தை வைத்துக்கொண்டு நீங்கள் நினைத்ததைச் செய்ய முடியாது. இரண்டு அல்பங்களை வைத்துக்கொண்டால் ஏறத்தாழ அதையே செய்துவிடலாம். நான் யாழ்ப்பாணத்தில் 16 ஆண்டுகளாகக் கலியாணங்களுக்கும் சாமத்திய வீடுகளுக்கும் படம் எடுத்து வருகிறேன். முன்பு இறுவட்டிலும் பின்னர் பென்டிரைவிலும் படங்களைக் கொடுத்துவந்த நாங்கள், கடந்த சில ஆண்டுகளாக இணைப்பாகவே அனுப்புகிறோம். அதனால் இந்த அல்பங்கள் எங்கே ஒழுங்காக இயங்குகின்றன, எங்கே ஆட்களை ஏமாற்றுகின்றன என்பதைப் பல வீடுகளில் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன்.

இறக்குவதை ஏன் தனியாகத் தடுக்க முடியாது என்பதை முதலில் விளங்கிக்கொண்டால் மற்றவை இலகுவாகிவிடும். ஒரு படம் திரையில் தெரிகிறது என்றால், அது இணையத்தின் வழியாக அந்தக் கைத்தொலைபேசிக்குள் ஏற்கனவே வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு எந்த நிறுவனத்தாலும் செய்யக்கூடியது, சேமிக்கும் பொத்தானை மறைத்துவைப்பது மட்டுமே. பொத்தான் இல்லாவிட்டாலும் திரையை ஸ்கிரீன்ஷொட்டாகப் பிடித்துக்கொள்ளலாம், அதுவும் முடியாவிட்டால் இன்னொரு கைத்தொலைபேசியால் அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்த படத்தின் தரம் குறைவாக இருக்கும், ஆனால் வட்ஸ்அப்பில் அனுப்புவதற்கும் முகநூலில் போடுவதற்கும் அது தாராளமாகப் போதும். எனவே "ஆர் எடுக்கலாம்" என்ற உங்கள் கேள்விக்கு முன்னதாக "ஆர் பார்க்கலாம்" என்ற கேள்விக்கு விடை காணவேண்டும், ஏனெனில் நடைமுறையில் அவை இரண்டும் ஒன்றே.

உங்கள் உறவினரில் அண்ட்ரொய்ட் வைத்திருப்பவர்களும் ஐபோன் வைத்திருப்பவர்களும் கலந்திருப்பார்கள் என்பதால், இரண்டிலும் இயங்கும் கூகுள் போட்டோஸையே எடுத்து விளக்குகிறேன். அல்பத்தை உருவாக்கியவரே அதன் உரிமையாளர். அல்பத்தைத் திறந்து மூன்று புள்ளிகளைத் தொட்டால் Options என்ற பகுதி வரும், அதில் உங்களுக்கு வேண்டிய ஆளிகள் இரண்டு. Link sharing என்பது, இணைப்பை வைத்திருக்கும் எவரும் அல்பத்தைப் பார்க்கலாமா என்பதைத் தீர்மானிப்பது. Collaborate என்பது, அல்பத்தில் சேர்ந்தவர்கள் தங்கள் படங்களையும் அதில் போடலாமா என்பதைத் தீர்மானிப்பது. ஆண்டுக்கு ஆண்டு இந்தச் சொற்களும் அவை இருக்கும் இடமும் சற்று மாறுகின்றன, ஆனால் பார்ப்பதற்கு ஓர் ஆளி, சேர்ப்பதற்கு ஓர் ஆளி என்ற அமைப்பு மாறியதில்லை. அல்பத்தைப் பகிரும்போது Collaborate பெரும்பாலும் திறந்தே இருக்கும் என்பதால், படங்களைக் காட்டினால் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் அதைத் தாங்களே மூடவேண்டும். இறக்குவதற்கென்று மூன்றாவதாக ஓர் ஆளி அங்கே இல்லை.

Link sharing திறந்திருக்கும்போது அந்த இணைப்பு ஒரு வீட்டுத் திறப்பைப் போன்றது, எத்தனை பேர் வேண்டுமானாலும் அதற்குப் படி எடுத்துக்கொள்ளலாம். இணைப்பின் முகவரி நீண்ட எழுத்துக் கோவையாக இருப்பதால் யாரும் ஊகித்துக் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் குடும்பத்து வட்ஸ்அப் குழுவில் போட்டதை ஒரு மாமி தன்னுடைய கோயில் குழுவுக்கு அனுப்பிவிட்டால், அந்தக் குழுவில் உள்ள அனைவரும் உள்ளே வந்துவிடுவார்கள். பார்ப்பதற்கு அவர்களுக்குக் கூகுள் கணக்குக்கூடத் தேவையில்லை. கணக்கில்லாமல் பார்த்துவிட்டுப் போனவர் யார் என்பதும் உங்களுக்குத் தெரியாது. மண்டப வாசலில் இணைப்பைக் கியூஆர் குறியாக அச்சிட்டு வைக்கும் வழக்கம் இப்போது இங்கும் வந்திருக்கிறது. அது வசதியானது, ஆனால் சாப்பாடு பரிமாற வந்தவர்களும் மண்டபத்தைப் பார்க்க வந்த வேற்றாட்களும் அதே குறியைத் தங்கள் கைத்தொலைபேசியில் பிடித்துக்கொண்டு போகலாம் என்பதை நினைவில் வைத்தே அதை ஒட்டவேண்டும்.

சேர்ப்பதில் கட்டுப்பாடு இதைவிட இறுக்கமாக இருக்கிறது. படம் போட விரும்புபவர் தன்னுடைய கூகுள் கணக்கால் உள்நுழைந்து அல்பத்தில் சேரவேண்டும், ஆகவே யார் எந்தப் படத்தைப் போட்டார் என்பது தெரியும். தான் போட்ட படத்தை அவரே அகற்றலாம், உரிமையாளர் எவருடைய படத்தையும் அகற்றலாம், ஆனால் ஒரு விருந்தினர் இன்னொரு விருந்தினருடைய படத்தை அகற்ற முடியாது. வீட்டில் சிறுபிள்ளைகள் கைத்தொலைபேசியை எடுத்து விளையாடும் இடங்களில் இந்த ஏற்பாடு எவ்வளவு பெறுமதியானது என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். கூகுள் கணக்கில்லாத பெரியவர்கள் பார்க்கலாம், சேர்க்க முடியாது. அவர்களுடைய படங்களைப் பேரப்பிள்ளை ஒருவர் வாங்கித் தன்னுடைய கணக்கால் போடவேண்டும்.

இனிச் சொல்வதுதான் அதிகமானோருக்குத் தெரியாத விடயம், அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஒரு விருந்தினர் உங்கள் அல்பத்தில் ஒரு படத்தைச் சேர்த்தால், அந்தப் படம் உங்களுடைய கணக்குக்கு வந்துவிடுவதில்லை. அது அவருடைய கணக்கிலேயே இருக்கிறது, அவருடைய சேமிப்பிடத்திலேயே கணக்கிடப்படுகிறது, உங்கள் அல்பம் அதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் உறவுக்குள் கோண்டாவிலில் நடந்த ஒரு கலியாணத்தில், பொன்னுருக்கலுக்கு ஸ்டூடியோவை அழைக்கவில்லை. மணமகனின் ஒன்றுவிட்ட தம்பி தன்னுடைய கைத்தொலைபேசியால் எடுத்த 180 படங்கள்தாம் அந்த நாளுக்கு இருந்த முழுப் பதிவும். அவர் அவற்றை அன்றிரவே அல்பத்தில் சேர்த்துவிட்டார், எல்லோரும் பார்த்து மகிழ்ந்தார்கள். மூன்று மாதங்களுக்குப் பிறகு, அச்சு அல்பத்துக்குப் படங்களைத் தெரிவுசெய்ய நாங்கள் உட்கார்ந்தபோது அந்த 180 படங்களில் ஒன்றுகூட அங்கே இல்லை.

நடந்தது இதுதான். கைத்தொலைபேசியில் இடம் போதாமல் போனதும் அந்தத் தம்பி கூகுள் போட்டோஸைத் திறந்து, பழைய படங்களைத் தெரிவுசெய்து அழித்திருக்கிறார். அல்பத்தில்தான் எல்லாம் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் அவர் அப்படிச் செய்தார். அந்தச் செயலியில் Free up space என்று ஒரு வழி இருக்கிறது, அது காப்பெடுக்கப்பட்ட படங்களைக் கைத்தொலைபேசியிலிருந்து மட்டும் நீக்கி, கணக்கில் உள்ளதை அப்படியே விட்டுவிடும். ஆனால் படத்தைத் தெரிவுசெய்து குப்பைத்தொட்டிப் பொத்தானைத் தொட்டால், அது கணக்கிலிருந்தும் போய்விடும், கணக்கிலிருந்து போனதும் பகிர்ந்த அல்பத்திலிருந்தும் மறைந்துவிடும். காப்பெடுக்கப்பட்ட படங்கள் 60 நாட்கள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதற்குள் மீட்டால் அவை இருந்த அல்பத்துக்கே திரும்பி வரும். நாங்கள் கவனித்தபோது அவர் அழித்து 60 நாட்கள் கடந்துவிட்டிருந்தன. பொன்னுருக்கிய அந்த நாளின் படங்களாக இன்று அந்த வீட்டில் எஞ்சியிருப்பவை, யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய ஏழெட்டு மட்டுமே. இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது, ஏனெனில் அந்தப் படங்களை ஒரு முறை சேமித்துவைக்கும்படி நானே சொல்லியிருக்கலாம். சேர்த்த ஒருவர் அல்பத்திலிருந்து விலகினாலும் இதே விளைவுதான், அவர் போட்ட படங்களும் அவரோடு வெளியேறும்.

ஆகவே அல்பத்தின் உரிமையாளராக உங்களுக்கு ஒரு கடமை இருக்கிறது. மற்றவர்கள் சேர்த்த படங்களை அவை இருக்கும்போதே உங்களுடைய நூலகத்துக்குச் சேமித்துக்கொள்ள வேண்டும், அல்லது கணினியில் இறக்கிக்கொள்ள வேண்டும். நூலகத்துக்குச் சேமித்தால் அவை உங்களுடைய சொந்தப் பிரதிகளாகிவிடும், மூலத்தை யார் அழித்தாலும் உங்களிடம் இருக்கும், ஆனால் அப்போது அவை உங்கள் சேமிப்பிடத்தை எடுத்துக்கொள்ளும். இலவசக் கணக்கில் கிடைப்பது 15 ஜிபி, அதையே ஜிமெயிலும் டிரைவும் பங்குபோட்டுக்கொள்கின்றன. கைத்தொலைபேசிப் படம் ஒன்று சராசரியாக 4 எம்பி என்று வைத்துக்கொண்டால் 600 படங்களுக்கு 2.4 ஜிபி போதும், அது பெரிய சுமையன்று. ஆனால் எங்களைப் போன்ற ஸ்டூடியோக்காரர் கொடுக்கும் படம் ஒன்று 10 எம்பி வரை வரும். அப்படி 1,200 படங்களை ஏற்றினால் 12 ஜிபி போய்விடும். இடம் முழுதாக நிரம்பிவிட்டால் அந்தக் கணக்குக்கு மின்னஞ்சலும் வராது. கலியாணத்துக்கெனத் தனியாக ஒரு கூகுள் கணக்கைத் திறந்து, அதையே அல்பங்களின் உரிமையாளராக வைக்கும்படி நான் இப்போது எல்லா வீடுகளுக்கும் சொல்வது இதனால்தான். அதன் கடவுச்சொல்லை வீட்டில் இருவர் அறிந்திருப்பது நல்லது.

இறக்கும் பக்கத்துக்கு வருவோம். அல்பத்தைப் பார்க்கக்கூடிய எவரும் தனித்தனிப் படங்களை இறக்கலாம், கணினியில் திறந்தால் மூன்று புள்ளிகளுக்குள் Download all என்பதைத் தெரிவுசெய்து முழு அல்பத்தையும் சிப் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். இறக்கியதும் அல்பத்தில் காட்டும் எண்ணிக்கையையும் உங்கள் கணினியில் வந்த கோப்புகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அல்பத்தில் 734 என்று இருந்து கணினியில் 690 மட்டுமே வந்திருந்தால், இடையில் இணையம் அறுந்திருக்கிறது அல்லது ஒரு பகுதி இறங்காமல் நின்றிருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது: நீங்கள் பின்னர் Link sharing ஐ மூடினாலும், ஒருவரை அல்பத்திலிருந்து நீக்கினாலும், அவர் ஏற்கனவே இறக்கியதையோ தன் நூலகத்துக்குச் சேமித்ததையோ அது தொடாது. மூடும் ஆளி அன்றிலிருந்து முன்னோக்கி மட்டுமே வேலைசெய்யும்.

இறக்கும் படத்தின் தரமும் இந்தக் கேள்வியோடு சேர்ந்ததே, ஏனெனில் வீட்டார் அதை அச்சிடத்தான் இறக்குகிறார்கள். கூகுள் போட்டோஸில் Storage saver என்ற நிலையில் ஏற்றப்பட்ட படம் 16 மெகாபிக்சலுக்குள் சுருக்கப்படும். 12 மெகாபிக்சலில் எடுக்கும் கைத்தொலைபேசியின் படத்துக்கு இதனால் பிக்சல் இழப்பு இல்லை, சிறிதளவு அழுத்தம் மட்டுமே கூடும். எங்கள் 24 மெகாபிக்சல் படம்கூடச் சுருங்கிய பின் நீளப்பக்கத்தில் சுமார் 4,900 பிக்சல்களோடு இருக்கும். 18 அங்குல நீளமான அல்பத் தாளில் அதை அடித்தால் அங்குலத்துக்கு 270 புள்ளிகளுக்குச் சற்று மேல் கிடைக்கும், கண்ணுக்குக் குறை தெரியாது. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படமோ நீளப்பக்கத்தில் ஏறத்தாழ 1,600 பிக்சலுக்கு இறங்கிவிடும், எடுத்த நேரமும் அதிலிருந்து கழன்றுவிடும். அதனால் "வட்ஸ்அப்பில் அனுப்புங்கோ, நான் அல்பத்தில் போடுறன்" என்று நல்ல மனதோடு சொல்பவர்களைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். வட்ஸ்அப்பைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் படத்தை ஆவணமாக, அதாவது டொகியூமென்டாக இணைத்து அனுப்பினால் அது சுருங்காமல் வரும்.

இதே இடத்தில்தான் ஐபோனின் பகிரப்பட்ட அல்பத்தில் உள்ள பெரிய குறையும் இருக்கிறது. அதில் ஓர் அல்பத்துக்கு 5,000 படங்கள், 100 பேர் வரை அழைக்கலாம், எவருடைய சேமிப்பிடத்தையும் அது எடுப்பதில்லை. சேர்க்கும் உரிமைக்கு Subscribers Can Post என்ற ஆளியும், இணைப்பால் வெளியாட்கள் பார்ப்பதற்கு Public Website என்ற ஆளியும் உண்டு. அண்ட்ரொய்ட் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டாவது வழியால் பார்க்க மட்டுமே முடியும், சேர்க்க முடியாது. எல்லாவற்றிலும் மேலாக, அங்கே போடப்படும் படம் நீளப்பக்கத்தில் 2,048 பிக்சலாகக் குறைக்கப்படுகிறது. 6 அங்குலத்துக்கு 4 அங்குலப் படம் அடிக்க அது நன்றாகப் போதும். அதையே 18 அங்குலத் தாளுக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 114 புள்ளிகள்தாம் கிடைக்கும், கூறையின் சரிகை நூல்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கிப்போகும். ரொறன்ரோவில் ஒரு குடும்பம் முழுவதும் ஐபோன் வைத்திருக்கிறதென்று அந்த அல்பத்திலிருந்து இறக்கி எங்களுக்கு அச்சுக்கு அனுப்புவார்கள். பிக்சல் அளவைப் பார்த்தவுடனேயே படம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும், மூலப் படத்தை எடுத்தவரிடமே மறுபடியும் கேட்கவேண்டி வரும்.

இறக்குவதை உண்மையாகவே தடுக்க வேண்டும் என்று நிற்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு, இரண்டிலும் வரம்பு உண்டு. கூகுள் டிரைவில் ஒரு கோப்பைப் பார்க்க மட்டும் பகிரும்போது, பார்ப்பவர்களுக்கு இறக்கும் வசதி தெரியாதபடி அமைப்பில் மாற்றலாம். ஆனால் டிரைவில் விருந்தினர் படம் சேர்க்கவேண்டுமென்றால் அவருக்குத் திருத்துபவர் உரிமை கொடுக்கவேண்டும், அந்த உரிமை பெற்றவர் மற்றவர்களின் கோப்புகளையும் அந்தக் கோப்புறையிலிருந்து அகற்ற முடியும். நாற்பது ஐம்பது பேருக்கு அந்த உரிமையைக் கொடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மற்றையது, படப்பிடிப்பாளர்கள் பயன்படுத்தும் Pixieset போன்ற தளங்கள். அங்கே இறக்குவதை முழுதாக மூடலாம், அல்லது ஒரு இரகசிய இலக்கம் தெரிந்தவர்கள் மட்டும் இறக்கும்படி வைக்கலாம், நீங்கள் கேட்டதற்கு மிக நெருக்கமான ஏற்பாடு இதுதான். ஆனால் அங்கே படங்களை ஏற்றுவது படப்பிடிப்பாளர் மட்டுமே, விருந்தினர் ஏற்றுவதற்கு அது உரியதன்று. திரையைப் பிடிப்பதை இந்த இரண்டு வழிகளும் தடுக்க மாட்டா.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு உங்கள் தங்கையின் கலியாணத்துக்கு நான் என்ன செய்வேன் என்பதைச் சொல்கிறேன். முன்சொன்ன புதிய கூகுள் கணக்கில் இரண்டு அல்பங்களைத் திறப்பேன். முதலாவது விருந்தினர் அல்பம். அதில் Link sharing, Collaborate இரண்டும் திறந்திருக்கும், இணைப்பு வட்ஸ்அப் குழுக்களுக்குப் போகும். மணவறை, தாலிகட்டு, பந்தி, மண்டப வாசலில் கூட்டமாக நின்று எடுத்த படங்கள் என்று, ஊர் பார்த்தாலும் வீட்டுக்கு வருத்தம் வராத எல்லாம் அதில் வரலாம். இரண்டாவது வீட்டு அல்பம். அதில் Link sharing தொடக்கத்திலிருந்தே மூடியிருக்கும். பெற்றோர், சகோதரர்கள், மணமகன் வீட்டில் நான்கைந்து பேர் என்று ஒவ்வொருவரையும் அவரவர் கூகுள் கணக்கின் மின்னஞ்சலால் நேரடியாகச் சேர்ப்பேன், Collaborate ஐ மூடிவைப்பேன். பொன்னுருக்கல், பாலறுகு வைத்துத் தோயவார்த்தல், மணமகளுக்குச் சேலை உடுத்தும் அறையில் எடுத்தவை, நகைகள் தனியாகத் தெரியும் படங்கள், ஸ்டூடியோ கொடுக்கும் முழுத் தொகுதி ஆகியவை அதில் மட்டுமே போகும். இறக்கும் உரிமையை இப்படித்தான் பிரிக்க முடியும்: இறக்கக் கூடாதவருக்கு அந்தப் படம் தெரியவே கூடாது.

விருந்தினர் அல்பத்தில் யாராவது அந்த அறைக்குள் எடுத்த படத்தைப் போட்டுவிடலாம், அப்படிப் போடுபவர்கள் பெரும்பாலும் அன்பினாலேயே போடுகிறார்கள். ஆகையால் கலியாணத்தன்றும் அடுத்த இரண்டு நாட்களும் வீட்டில் ஒருவர், காலையும் மாலையும் அல்பத்தைத் திறந்து புதிதாக வந்தவற்றைப் பார்த்து, பொருந்தாததை அகற்றவேண்டும். மணமகளையே அந்தப் பொறுப்பில் விடாதீர்கள். கொழும்பிலோ லண்டனிலோ இருக்கும் நிதானமான ஒரு மச்சாள் கூடச் செய்யலாம், ஆனால் அவர் உரிமையாளர் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும், மற்றவருடைய படத்தை அகற்ற வேறு எவராலும் முடியாது. Options இல் இருக்கும் படத்தின் இருப்பிடத்தைக் காட்டும் ஆளியையும் மூடிவிடுங்கள், வீட்டில் எடுத்த படங்களோடு வீட்டின் இடம் வரைபடத்தில் போவதற்கு எந்தத் தேவையும் இல்லை.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கலியாணத்துக்கு ஒரு வாரம் முன்னரே பார்த்துவிடலாம். இரண்டு அல்பங்களிலும் ஐந்தாறு படங்களைப் போட்டு, அவற்றின் முகவரியை உலாவியின் மறைநிலைச் சாளரத்தில், அதாவது எந்தக் கணக்கிலும் உள்நுழையாத நிலையில், திறந்து பாருங்கள். விருந்தினர் அல்பம் திறக்கவேண்டும், வீட்டு அல்பம் திறக்கக் கூடாது. வீட்டு அல்பமும் திறந்தால் Link sharing எங்கோ திறபட்டிருக்கிறது. பின்னர் உறவுக்காரர் ஒருவரின் கைத்தொலைபேசியில் விருந்தினர் அல்பத்துக்கு ஒரு படத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்ததாகச் சொல்லியும் உங்கள் பக்கத்தில் தெரியாவிட்டால், பெரும்பாலும் அந்தப் படம் இன்னும் ஏறி முடியவில்லை. மண்டபத்துக்குள் நூற்றுக்கணக்கானோர் ஒரே கோபுரத்தைப் பயன்படுத்தும் நேரத்தில் இது அதிகமாக நடக்கும், ஆகவே வீட்டுக்குப் போய் வைஃபையில் சேர்க்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

முடிக்கும் வேலைக்கும் ஒரு நாளைக் குறித்துவையுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போய்ச் சேர்ந்து, ஆறுதலாகப் படங்களைப் போட மூன்று வாரங்கள் போதும். அந்த நாளில் முதலில் Collaborate ஐ மூடுங்கள், பின்னர் கணினியில் முழு அல்பத்தையும் இறக்கி, எண்ணிக்கையைச் சரிபார்த்து, ஒரு வன்தட்டில் ஏற்றி வீட்டில் வையுங்கள், மற்றவர்கள் போட்டவற்றை உரிமையாளர் கணக்கின் நூலகத்திலும் சேமித்துக்கொள்ளுங்கள். குப்பைத்தொட்டியின் 60 நாட்களுக்குள் இது முடிவதால், இடையில் யாரேனும் தவறுதலாக அழித்திருந்தாலும் கேட்டு மீட்க நேரமிருக்கும். அதற்கும் ஒரு மாதம் கழித்து Link sharing ஐ மூடிவிட்டு, உறுப்பினர் பட்டியலைப் பார்த்து அறியாத பெயர்கள் இருந்தால் நீக்கிவிடுங்கள். இணைப்பைக் குழுவில் போடும்போதே அதோடு இப்படி எழுதுங்கள்: "நீங்கள் எடுத்த படங்களை இந்த அல்பத்தில் மூன்று வாரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். இதில் உள்ள படங்களை நீங்களும் இறக்கிக்கொள்ளலாம். மற்றவர்களின் பிள்ளைகள் தெரியும் படங்களை அவர்களைக் கேட்காமல் முகநூலில் போடவேண்டாம். சேர்த்த படங்களை நாங்கள் சேமித்து முடித்துவிட்டோம் என்று சொல்லும்வரை உங்கள் கைத்தொலைபேசியில் அழிக்கவேண்டாம்."